ரெண்டு டிராயர், ஒரு டை: வசனமில்லாத காமெடி ஷார்ட்டுக்கு டைமிங் செட் ஆகல, ஐடியா வேணும்

அரைடிக்கெட்
வணக்கம் மக்களே. ஒரு 4 நிமிஷ ஷார்ட் பண்றோம், வசனம் கிடையாது, ஒரு ரூம், ஒரு நடிகர், ஒரு கேமரா. ஒரு ஆள் டை எல்லாம் கட்டிட்டு வெளிய கிளம்புறான். ரூம்ல ரெண்டு டிராயர் வச்ச ஒரு அலமாரி இருக்கு. மேல் டிராயர மூடினா கீழ் டிராயர் தானா திறந்துக்கும், கீழ்ப்பக்கம் மூடினா மேல் டிராயர் திறந்துக்கும். இத வச்சே முழுசா ஓட்டணும்.

டெஸ்ட் ஷூட் பண்ணி பாத்தோம். ரூம்ல நின்னு பாத்தவங்க எல்லாரும் வயித்த புடிச்சுட்டு சிரிச்சாங்க, ஆனா ஃபுட்டேஜ போட்டு காட்டினா ஒருத்தன் கூட சிரிக்கல, "ஓ டிராயர் திறக்குதா"ன்னு கேட்டான் ஒருத்தன். அலமாரி சுவத்தோட ஒட்டி இருக்கு, கேமரா நேர் எதிர்ல. டிராயர தூண்டில் நரம்பு கட்டி தரையில படுத்துட்டு ஒருத்தர் இழுக்கறார். எடிட்ல டிராயருக்கு ஒரு க்ளோசப், முகத்துக்கு ஒரு க்ளோசப்னு மாத்தி மாத்தி வெட்டிப் பாத்துட்டேன், இன்னும் மோசமாத்தான் போகுது. டைமிங்தான் பிரச்சனையா, இல்ல ஐடியாவே சப்பையா?

டாப்கியர்
ப்ரோ சிம்பிள், ஸ்பீடு ஏத்துங்க. பழைய ஊமைப்படம் எல்லாம் ஏன் சிரிப்பு வருதுன்னு நினைக்கறீங்க, எல்லாம் குடுகுடுன்னு ஓடும். 150 சதவீதம் வைங்க, அதே ஃபுட்டேஜ் சிரிப்பா மாறிடும்.

சும்மா_வந்தேன்
ஊமைப்படம் மாதிரி கருப்பு வெள்ளை, கோடு கோடா கீறல், ஓரத்துல இருட்டு, அப்புறம் நடுவுல எழுத்து கார்டு, இதுக்கெல்லாம் ரெடிமேட் ஃபில்டர் கிடைக்கும் சார். எந்த சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்க?

அரைடிக்கெட்
இல்லங்க, கலர் படம்தான், இந்தக் காலத்து கதைதான். பேச்சு மட்டும்தான் இல்ல.

கட்டிங்டேபிள்
அரைடிக்கெட், டைமிங்க தொடறதுக்கு முன்னாடி கேமரா நிக்கற இடத்த பாப்போம். அலமாரிக்கு நேர் எதிர்ல வச்சா டிராயர் கேமராவ நோக்கித்தான் வெளிய வரும். நேர்ல நிக்கறவங்களுக்கு ரெண்டு கண்ணு, டிராயர் முன்னால வர்றது பளிச்னு தெரியும். கேமராவுக்கு அது ஒரு சதுரம் கொஞ்சூண்டு பெருசான மாதிரி தெரியும், அவ்ளோதான். மேல உங்க ஆள் டிராயர மூடணும்னா அலமாரிய பாத்து நிக்கணும், அப்ப அவர் முதுகு நமக்கு, பாதி டிராயர் அவர் உடம்புக்குப் பின்னாடி. நகர்ற பொருளும் தெரியல, அத பாக்கற முகமும் தெரியல, அப்புறம் எதுக்கு சிரிப்பாங்க? ரூம்ல நின்னவங்க சைடுல நின்னு பாத்திருப்பாங்க, சரியா?

அலமாரிய பக்கவாட்டா திருப்புங்க. டிராயர் திரையில இடமிருந்து வலமா நீளணும், நடிகர் வலப்பக்கம் அலமாரிய பாத்து நிக்கணும், அவரோட முகம் சைடா, முக்காவாசி நமக்குத் தெரியற மாதிரி. தலையில இருந்து பாதம் வரைக்கும் ஃப்ரேம்ல இருக்கணும், ஏன்னா உங்க கீழ் டிராயர் கணுக்கால் உயரத்துல இருக்கு, முகம் மேல இருக்கு, ரெண்டும் ஒரே ஷாட்ல வேணும். கேமரா இடுப்பு உயரம். 16:9ல ரெண்டு பக்கமும் வெத்து இடம் நிறைய கிடக்கும், உங்க ஜோக் மேலயும் கீழயும் நடக்குது, அதனால 4:3 யோசிச்சுப் பாருங்க, பழைய படங்களோட அழகுக்காக இல்ல, ஆள் முழுசா பெருசா தெரிவார்ங்கறதுக்காக.

க்ளோசப் வெட்டினா மோசமாகும்னு நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க. டிராயர் தனி ஷாட்ல திறந்தா யாரோ திறந்து விட்டாங்கன்னு மனசு சொல்லிடும். 1928ல வந்த ஸ்டீம்போட் பில் ஜூனியர்ல வீட்டோட முன்சுவர் அப்படியே பஸ்டர் கீட்டன் மேல சாயும், மாடி ஜன்னல் ஓட்டை சரியா அவர் நிக்கற இடத்துல விழும். அத ஒரே ஷாட்ல தூரத்துல இருந்து காட்டினதாலதான் இன்னைக்கும் வாய பிளந்து பாக்கறோம். முகத்துக்கு க்ளோசப், சுவருக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணுன்னு வெட்டியிருந்தா அது வெறும் சுவர்.

அரைடிக்கெட்
சைடுலதான் நின்னாங்க எல்லாரும்!! இது எனக்கு தோணவே இல்ல சார். ஆனா பக்கவாட்டா திருப்பினா அலமாரியோட பின்பக்கம் தெரியுமே, இழுக்கறவர் எங்க ஒளியறது? நரம்பும் லைட் பட்டா மினுக்குது.

நாடகக்காரி
தம்பி, நரம்ப விடு, பின்னாடி இருந்து தள்ளு. நான் மேடையில மைம் பண்றவ, எங்களுக்கு நரம்பு எப்பவும் கடைசி வழிதான், சிக்கும், அறுந்துபோகும், நடிகர் கால்ல மாட்டும். அலமாரி பின் பலகைய கழட்டிட்டு அதோட முதுகு ஒரு கதவு நிலைக்கு நேரா வர்ற மாதிரி நிறுத்து, நிலையில ஒரு துணித் திரை தொங்க விடு, தள்ளறவர் அடுத்த ரூம்ல உக்காந்துட்டு திரை இடுக்கு வழியா ஒரு மரக்கம்பால டிராயரோட பின்பக்கத்த தள்ளட்டும். ரெண்டு டிராயர், ரெண்டு கம்பு, நுனியில துணி சுத்திடு, இல்லன்னா டக்குனு சத்தம் கேட்டு நடிகர் முன்னாடியே திரும்பிடுவார். டிராயர் ஓடற கட்டையில மெழுகுவத்திய நல்லா தேய்ச்சு விடு, வழுக்கிட்டு வரும். முக்கியமா உள்ள ஒரு தடுப்புக் கட்டை அடிச்சு வை, இல்லன்னா தள்ற வேகத்துல முழு டிராயரும் வெளிய வந்து கால்ல விழும்.

காலி டிராயர் ஆட்டம் போட்டுட்டு வரும், பாக்கவே போலியா இருக்கும். அடியில, பின்பக்கமா, கொஞ்சம் மணல் மூட்டை வச்சா நிதானமா அடக்கமா வரும். முன்னாடி வைக்காத, திறந்ததும் மூக்கு குத்தும்.

எங்க நாடகத்துல ஒரு நாற்காலி காட்சி இருக்கு, ஒருத்தர் உக்காரப் போவார், நாற்காலி ஒரு அடி தள்ளிப்போகும். மேடையில அது வருஷக்கணக்கா சிரிப்பு வாங்குது. காரணம் அவர் உக்காரப் போறப்போ நாற்காலிய பாக்கமாட்டார், எதிர்ல உக்காந்திருக்கற ஜனங்களையே பாத்துட்டு உக்காருவார். ஜனங்க நடிகர் பாக்கற இடத்தத்தான் பாப்பாங்க தம்பி, அவர் கண்ணு எங்க போகுதோ அங்கதான் எல்லார் கண்ணும் போகும். உன் ஆள் டிராயர் திறக்கும்போது எங்க பாத்துட்டு இருக்கார்?

அரைடிக்கெட்
டிராயரத்தான் அக்கா. எப்ப திறக்கும்னு அவருக்குத் தெரியும்ல.

டாப்கியர்
அதான் தப்பு. நடிகருக்கு சொல்லவே கூடாது. தள்ளறவர் இஷ்டத்துக்கு தள்ளட்டும், அப்பதான் ஒரிஜினல் ஷாக் வரும்.

கட்டிங்டேபிள்
டாப்கியர், முதல் டேக்ல வரும். ரெண்டாவது டேக்ல "எப்ப வரும், எப்ப வரும்"னு தோள் விறைச்சுப்போய் நிப்பார், அது இன்னும் மோசம். அவருக்குத் தெரியணும், தெரிஞ்சும் தெரியாதவர் மாதிரி இருக்கணும், அதுதான் வேலையே.

அவர் முந்திக்கிறாரான்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு. எடிட்ல ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திப் பாருங்க. டிராயர் அசைய ஆரம்பிக்கற ஃப்ரேம்ல இருந்து அவர் தலை அசையற ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க. கண்ணால ஒண்ண பாத்து உடம்பு அசைய மனுஷனுக்கு கால் செகண்ட் கிட்ட ஆகும், 24 ஃப்ரேம் கணக்குல 5, 6 ஃப்ரேம். உங்க ஆள் 2 ஃப்ரேம்ல திரும்பிட்டார்னா காத்துட்டு இருந்திருக்கார்னு அர்த்தம், டேக் வேஸ்ட். பாக்கறவங்க ஃப்ரேம் எண்ண மாட்டாங்க, ஆனா "என்னமோ செட்டப்"னு உடனே மூக்குல வேர்த்துடும்.

அடுத்தது இடைவெளி. மேல் டிராயர் மூடினதுக்கும் கீழ் டிராயர் திறக்கறதுக்கும் நடுவுல எவ்ளோ விட்டிருக்கீங்க?

அரைடிக்கெட்
ஒவ்வொரு டேக்லயும் ஒவ்வொரு மாதிரி. இப்ப போட்டுப் பாத்தேன், ஒண்ணுல கால் செகண்ட், ஒண்ணுல ஒன்றரை செகண்ட்.

கட்டிங்டேபிள்
அங்கதான் சிரிப்பு கசிஞ்சு போகுது. இது மூடினா அது திறக்கும்ங்கறது உங்க படத்தோட சட்டம், யாரும் வாயால சொல்லப் போறதில்ல, இடைவெளிதான் சொல்லணும். மூடினதும் சட்டுனு, அரை செகண்டுக்குள்ள திறந்தாத்தான் இதனால அது நடந்துச்சுன்னு புரியும். ஒன்றரை செகண்ட் கழிச்சு திறந்தா அது வேற ஏதோ தனி சம்பவம், அலமாரி பழசுன்னு நினைச்சுட்டுப் போவாங்க. அதனால முதல் தடவையும் ரெண்டாவது தடவையும் அச்சு அசலா ஒரே இடைவெளி வைங்க. சட்டம் பதிஞ்சிடும். மூணாவது தடவை நம்ம ஆள் அலமாரிய ஏமாத்தற மாதிரி மெதுவா, மூச்சக் கூட விடாம மூடறார். அரை செகண்ட், ஒண்ணும் இல்ல. ஒரு செகண்ட், ஒண்ணும் இல்ல. அலமாரிய ஒரு பார்வை பாக்கறார், சட்டைய இழுத்து விட்டுக்கறார், திரும்பறார், ரெண்டு எட்டு வைக்கறார், அப்ப திறக்குது. முதல் ரெண்டும் ஒரே மாதிரி இல்லன்னா இந்த மூணாவதோட காத்திருப்புக்கு மதிப்பே இல்ல.

இத அளந்து பண்ண மெட்ரோனோம் வைங்க, போன்லயே கிடைக்கும். 120ல வச்சா ஒரு தட்டு அரை செகண்ட், அதாவது 12 ஃப்ரேம். உங்க படத்துல சத்தத்த எப்படியும் தனியா சேக்கப் போறீங்க, அதனால ஷூட் நடக்கும்போதே மெட்ரோனோம் ஓடலாம், நீங்க வாய்விட்டு எண்ணலாம், தள்ளறவருக்கு "கீழ!"ன்னு கத்தலாம். பேசற படம் எடுக்கறவனுக்கு இந்த வசதி கிடையாது.

நாடகக்காரி
மெட்ரோனோம் தள்ளறவருக்கு ஓகே, நடிகருக்கு வேண்டாம். தாளத்துக்கு நடந்தா டான்ஸ் ஆயிடும். இதுல கட்டிங்டேபிளோட எனக்கு ஒத்துப்போகல.

கட்டிங்டேபிள்
ஷூட்ல ஓடினா நடிகர் காதுலயும்தான் விழும், அது உண்மைதான். ரிகர்சல்ல கேட்டு உடம்புல ஏத்திக்கிட்டு ஷூட்ல நிறுத்திடறவங்களும் இருக்காங்க. உங்க ஆள் எப்படின்னு பாத்துக்கோங்க.

இன்னொரு கேள்வி, இதுதான் எனக்கு பெரிய கேள்வி. அவன் ஏன் அந்த டிராயர மூடறான்? வெளிய கிளம்பற அவசரம்னு சொல்றீங்க, டிராயர் திறந்து கிடந்தா கிடக்கட்டும்னு போகவேண்டியதுதானே? நான் பாத்துட்டு இருந்தா மூணாவது தடவையே "போய்யா"ன்னு சொல்லிடுவேன்.

அரைடிக்கெட்
அவன் ரொம்ப ஒழுங்கானவன், எதுவும் கலைஞ்சு கிடந்தா புடிக்காதுன்னு வச்சிருக்கேன். ஆரம்பத்துல செருப்ப நேரா வைக்கறது, படத்த நேராக்கறதுன்னு 40 செகண்ட் இருக்கு.

டாப்கியர்
அது போதுமே. ஓசிடி கேரக்டர்.

கட்டிங்டேபிள்
அது குணம், கட்டாயம் இல்ல. அவசரம் வந்தா குணத்த தள்ளி வச்சுட்டு ஓடிடுவோம். அவன் போக முடியாத மாதிரி அலமாரியே புடிச்சு வச்சா? டைதான் கட்டியிருக்கானே.

மூணாவது தடவைக்கு அப்புறம் ஓடி வந்து மேல் டிராயர மூடும்போது குனியறான், டை நுனி உள்ள மாட்டிக்குது. சட்டப்படி கீழ் டிராயர் திறந்துடுது. இப்ப டைய எடுக்கணும்னா மேல் டிராயர் திறக்கணும், மேல திறக்கணும்னா கீழ மூடணும். கழுத்து மேல கட்டி இருக்கு, கை கீழ எட்டல. கால நீட்டி பாதத்தால கீழ் டிராயர தள்றான். மூடுது, அரை செகண்ட், மேல திறக்குது, டை விடுபடுது. அப்பாடான்னு நிமிர்ந்து ஒரு எட்டு வைக்கப் போறான், கால் வரல. பேண்ட் நுனி கீழ் டிராயர்ல மாட்டியிருக்கு. இப்ப கீழ திறக்கணும்னா மேல மூடணும். அவன் மேல் டிராயர பாக்கறான், தன் டைய பாக்கறான். அந்த ஒரு பார்வைக்குத்தான் முன்னாடி உள்ள ரெண்டரை நிமிஷமும். அவன் எதுவும் செய்றதுக்கு முன்னாடியே ஜனங்க சிரிப்பாங்க, ஏன்னா என்ன ஆகப்போகுதுன்னு அவங்களுக்கு சட்டம் தெரியும்.

அரைடிக்கெட்
சார்... நான் ஒரு நிமிஷம் எழுந்து போய் நடந்துட்டு வந்தேன்.

நாடகக்காரி
நல்லா இருக்கு. ஆனா டை வேலை செய்யணும்னா மேல் டிராயர் வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வரணும், இல்லன்னா டை எட்டாது. அலமாரி குட்டையா இருந்தா அடியில கட்டை வச்சு தூக்கு. வெள்ளை சட்டை, அடர் நிறத்துல அகலமான டை, தூரத்துல இருந்தும் தெரியணும். நிஜ டைய கட்டி இழுக்க விடாத, கழுத்து விஷயம். முடிச்சுக்குப் பின்னாடி வெட்டி, காலர்ல ஒட்டுற பட்டை வச்சு தை, வேகமா இழுத்தா கழண்டு வந்துடணும். பேண்ட் நுனியும் அப்படித்தான், உண்மையா மாட்ட வேண்டியதில்ல, டிராயர் உள்பக்கம் ஒரு துண்டு ஒட்டுப்பட்டை, பேண்ட் மடிப்புல ஒரு துண்டு. கீழ் டிராயரோட மேல் விளிம்புல ஃபோம் ஒட்டி பெயின்ட் அடிச்சிடு, கணுக்கால்ல படும்.

சும்மா_வந்தேன்
ஸ்பீடு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலயே, எனக்கும் அது டவுட்டு.

கட்டிங்டேபிள்
டாப்கியர் சொன்னதுல பாதி சரி. அந்தக் காலத்துல கேமராவ கையால சுத்துவாங்க, நிறைய காமெடி மெதுவா சுத்தி எடுத்து, தியேட்டர்ல அதவிட வேகமா ஓட்டினதுதான். ஆனா எல்லா இடத்துலயும் ஒரே அளவு இல்ல, தேவைப்பட்ட இடத்துல மாத்திக்கிட்டாங்க. உங்க படத்துக்கு 150 வச்சா மூணாவது தடவை வர்ற அந்த காத்திருப்பும் சேர்ந்து சுருங்கிடும், அது போனா எல்லாம் போச்சு. அதுபோக டை ஆடறது, திரை அசையறது எல்லாம் புவியீர்ப்பு வேகத்துல நடக்கற விஷயம், ஒன்றரை மடங்குல பாத்தா பொம்மலாட்டம் மாதிரி தெரியும். ஓடி வர்ற இடம் மட்டும் 22 ஃப்ரேம்ல எடுத்து 24ல ஓட்டுங்க, ஒரு 9 சதவீதம் வேகம் கிடைக்கும், யாருக்கும் தெரியாது, ஆனா நடை துறுதுறுன்னு ஆயிடும். கேமராவுல அந்த வசதி இல்லன்னா எடிட்ல ஏத்தலாம், ஆனா ஃப்ரேம் விட்டு விட்டு எடுக்கும், சில இடத்துல வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். டிராயர் திறக்கற ஷாட்ல ஏத்தாதீங்க, அங்க அரை செகண்ட்ட அளந்து வச்சிருக்கோம்.

டாப்கியர்
20ல எடுத்தா இன்னும் ஜாலியா இருக்கும். நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

அரைடிக்கெட்
ரெண்டு நாள் கழிச்சு வர்றேன் மக்களே. அலமாரிய திருப்பி, கதவு நிலை, கம்பு எல்லாம் செட் பண்ணிட்டோம். டை சீன் டெஸ்ட் பண்ணோம். ஐடியா தெரியாத நாலு பேருக்கு போட்டுக் காட்டினேன், பேண்ட் மாட்டினத பாத்து சிரிச்சாங்க, ஆனா அவன் டைய பாக்கற அந்த பார்வைக்கு ரெண்டு பேர்தான் சிரிச்சாங்க. மத்த ரெண்டு பேரும் பேண்ட் சிரிப்புலயே இருந்துட்டாங்க, பார்வைய கவனிக்கவே இல்ல.

இன்னொண்ணு, நடுவுல புதுசா ஒரு ஜோக் சேத்தேன். டிராயர்ல இருந்து ஒரு ரப்பர் வாத்து எட்டிப் பாக்கும், இவன் அதுக்கு வணக்கம் சொல்லுவான். தனியா போட்டா எல்லாரும் சிரிக்கறாங்க, படத்தோட போட்டா செத்துடுது.

கட்டிங்டேபிள்
வாத்த தூக்கிடுங்க. கீட்டனுக்கே இது நடந்திருக்கு. 1924ல நேவிகேட்டர் படத்துல கடலுக்கு அடியில டைவிங் உடை போட்டுக்கிட்டு கப்பல் ரிப்பேர் பண்ணுவார், நடுவுல மீன் கூட்டத்துக்கு டிராஃபிக் போலீஸ் மாதிரி கைய காட்டி வழிவிடற ஒரு ஜோக் எடுத்திருந்தார். அதுக்கு ரொம்ப மெனக்கெட்டாங்க. முன்னோட்டத்துல காட்டினப்போ ஜனங்க சிரிக்கல, ஏன்னா மேல கப்பல்ல ஹீரோயின் ஆபத்துல இருக்கா, இவன் மீனோட விளையாடிட்டு இருக்கான். படத்துல இருந்து வெட்டிட்டாங்க. உங்க ஆளும் அவசரத்துல இருக்கான், வாத்துக்கு வணக்கம் சொல்ல நேரம் இருக்குன்னா அப்ப அவசரம் பொய்.

பார்வை விஷயத்துக்கு: பேண்ட் மாட்டினதுக்கு அப்புறம் எவ்ளோ நேரத்துல மேல பாக்கறார்?

அரைடிக்கெட்
உடனே. ஒரு அரை செகண்ட்.

கட்டிங்டேபிள்
அவங்க சிரிப்பு முடியல, அதுக்குள்ள நீங்க அடுத்தத குடுத்துட்டீங்க. கால ஒரு தடவ இழுத்துப் பாக்கட்டும், இன்னொரு தடவ, அப்புறம் அப்படியே நிக்கட்டும், ஒன்றரை செகண்ட்ல இருந்து 2 செகண்ட் வரைக்கும் எதுவும் செய்யாம. சிரிப்பு இறங்கற நேரத்துல தலைய மட்டும் மெதுவா தூக்கட்டும். தலை மட்டும், உடம்பு அசையக்கூடாது, ரெண்டும் சேர்ந்து அசைஞ்சா எத பாக்கறதுன்னு தெரியாது.

நாடகக்காரி
அது தியேட்டருக்கு சரி. போன்ல தனியா பாக்கறவன் வாய்விட்டு சிரிக்க மாட்டான், அவனுக்கு 2 செகண்ட் சும்மா நின்னா தள்ளி விட்டுட்டுப் போயிடுவான்.

கட்டிங்டேபிள்
அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. ரெண்டு வெர்ஷன் வெட்டலாம்னு சொல்றவங்க இருக்காங்க, நான் கூட்டத்துக்குத்தான் வெட்டுவேன்.

சும்மா_வந்தேன்
சைலன்ட்னா டிராயர் சத்தம் கூட வரக்கூடாதா?

டாப்கியர்
வரக்கூடாது, மியூசிக் மட்டும்தான்.

நாடகக்காரி
யார் சொன்னா? 1987ல வந்த பேசும் படத்துல ஒரு வசனம் கிடையாது, ஆனா சத்தம் எல்லாம் இருக்கும். எனக்கு டிராயர் சத்தம் வேணும், திறக்கறதுக்கு ஒரு சத்தம், மூடறதுக்கு ஒரு சத்தம், ரெண்டும் மாறவே கூடாது. அப்பதான் அவன் முதுகு காட்டிட்டு நடக்கும்போது சத்தத்த மட்டும் வச்சே ஜோக் பண்ணலாம்.

அரைடிக்கெட்
அப்ப மூணாவது தடவை திறக்கறப்போ அவன் சத்தம் கேட்டு திரும்பறானா, இல்ல கேக்காம நடந்துட்டே இருக்கானா? நடந்துட்டே இருந்தான்னா நமக்கு மட்டும் தெரியும், அது ஒரு மாதிரி சிரிப்பு. கேட்டு நின்னு, திரும்பாமலே கண்ண மூடிக்கிட்டான்னா அது வேற மாதிரி. ரெண்டையும் எடுத்துட்டு இங்கயே போடறேன், நீங்களே சொல்லுங்க.

நாடகக்காரி
கண்ண மூடறதுன்னா அவன் கேமரா பக்கம் நடக்கணும், இல்லன்னா முகம் தெரியாது. வழிய மாத்து.